எங்கட ஸ்கூல் கல்வி நிதிக் கொமிட்டிக்கு: இந்த முறை அந்தப் போமை மாத்துங்க

அதிபர் சேர், கொமிட்டியில இருக்கிற மிஸ்மார், பழைய மாணவர் சங்கத்து அண்ணாமார், வெளியில இருந்து மாசாமாசம் சல்லி போடுற தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும், ஸ்கூல் கேட்டுக்கு முன்னால போட்டோகொப்பியும் கொமினிகேஷனும் வச்சிருக்கிற அக்கா. நானும் இதே ஸ்கூல்லதான் ஓஎல் எடுத்தனான். போன வருஷம் வசதியில்லாத புள்ளைகளுக்கு உதவுற நம்மட நிதிக்கு விண்ணப்பம் கோரினப்ப எழுதத் தெரியாத, இல்லாட்டி எழுதப் பயந்த தாய்மார் என்ட கடைக்குத்தான் வந்தாங்க, 41 போம் என்ட கையால நிரப்பினன். மறுகா வீடு பாக்கப் போறதுக்கு ஆள் காணாதெண்டு சேர் என்னையும் கூப்பிட்டு ஒரு மிஸ்ஸோட ரெண்டு நாள் அனுப்பினீங்க. அதால அந்தப் போமில என்ன கேள்வி இருக்கு, அந்தக் கேள்விக்கு ஆக்கள் என்ன எழுதுறாங்க, வீட்ட போனா என்ன கிடக்கு எண்டு மூண்டையும் பாத்த ஆள் நான். வாற மாசம் திரும்பவும் போம் அடிக்கப் போறீங்களெண்டு கேள்விப்பட்டன், அடிக்க முதல் இதை ஒருக்கா வாசிங்க. 41 பேர் கேட்டு 15 பேருக்குத்தான் குடுக்கலாமெண்டா அந்த 15 பேர் ஆரெண்டு தீர்மானிக்கிறது நீங்க இல்ல, அந்தப் போம்தான், ஏனெண்டா போமில இல்லாத ஒண்டு கூட்டத்தில உங்கட கண்ணுக்குத் தெரியாது.

போமில நாலாவது கேள்வி "குடும்பத்தின் மாத வருமானம்", பக்கத்தில சின்னதா ஒரு கோடு. கீழ "ரூபா 40,000 இற்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க முடியாது, கிராம சேவகர் உறுதிப்படுத்தல் இணைக்கவும்". இந்த ரெண்டு வரிதான் போன வருஷம் பிழைச்ச இடம்.

மண்டூர்ப் பக்கத்தில இருந்து வாற ஒரு புள்ளைட அப்பா செக்கியூரிட்டி வேலை, கையில சம்பள சிலிப் இருக்கு, 42,000. அந்த மனுஷன் பொய் எழுத மாட்டன் எண்டு சொல்லி 42,000 எண்டே எழுதச் சொன்னார், நானும் எழுதினன். அந்த வீட்டில புருஷன் பெண்சாதி, நாலு புள்ளைகள், பாயோட கிடக்கிற ஒரு அம்மம்மா, மொத்தம் ஏழு பேர். ஏழால பிரிச்சா ஆளுக்கு 6,000. அதே நேரம் டவுன் பக்கம் ஒரு வீடு, 38,000 எண்டு எழுதியிருந்தாங்க, அப்பா அம்மா ஒரு புள்ள, மூண்டே பேர், ஆளுக்கு 12,600 சொச்சம் வரும். முதல் போம் கூட்டத்துக்கே வரல்ல, 40,000 தாண்டிட்டுதெண்டு கிளார்க் மேசையிலேயே ஒதுக்கிட்டாங்க, ரெண்டாவது போம் உள்ள போய் காசும் கிடைச்சுது. ஒருத்தரும் களவு செய்யல்ல, ஒருத்தரும் ஒருத்தருக்காகக் கதைக்கல்ல, கேள்வி பிழை எண்டதால பதிலும் பிழைச்சுது, அவ்வளவுதான்.

அரசாங்கம் வறுமைக்கோடு போடுறதும் வீட்டுக்கு எண்டு இல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டம் மாவட்டமா, ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு இவ்வளவு எண்டுதான் போடுது, மட்டக்களப்புக்கும் தனியா ஒரு கணக்கு இருக்கு. நாங்க மட்டும் ஏன் வீட்டுக்கு எண்டு ஒரு கோடு கீறிக்கொண்டு நிக்கிறம்? வீட்டில எத்தினை பேர் ஒரே உலையில சாப்பிடுறாங்க எண்டு ஒரு கேள்வி சேத்தாக் காணும், கொமிட்டியே பிரிச்சுப் பாத்திடலாம்.

அடுத்தது "மாத" எண்ட சொல்லு. சம்பளக்காரனுக்கு மாசம் இருக்கு. ஆத்தில வலை போடுற மனுஷனுக்கு எங்க இருக்கு மாசம்? போன வருஷம் ஒரு தாய் என்ட மேசைக்கு முன்னால நிண்டு அந்தக் கோட்டைப் பாத்துக்கொண்டே இருந்தா, "என்னகா எழுதுற, எந்த மாசத்தச் சொல்ற?" எண்டு கேட்டா. எனக்கும் தெரியல்ல. உக்காத்தி வச்சுக் கேட்டுக் கேட்டு ஒரு துண்டில கணக்குப் போட்டன். நல்ல மாசத்தில 18 நாள் அளவில தோணி போகும், எண்ணெய் பங்கு எல்லாம் போக நாளுக்கு 2,000 மிஞ்சும், அப்ப 36,000. கார்த்திகை, மார்கழி, தையில மழையும் காத்தும், மாசத்தில அஞ்சு நாள் போனாப் பெரிசு, அதுவும் நாளுக்கு 1,500, அப்ப 7,500. ஒம்பது மாசம் 36,000 படி 324,000, மூண்டு மாசம் 7,500 படி 22,500, கூட்டினா வருஷத்துக்கு 346,500. பன்னிரண்டால பிரிச்சா மாசம் 28,875. வீட்டில ஆறு பேர், ஆளுக்கு 4,800 சொச்சம்.

இந்தக் கணக்க நான் போடாம விட்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு பாருங்க. நீங்க தை மாசம் போம் குடுத்தா அவ 7,500 எண்டு எழுதியிருப்பா, கொமிட்டியில ஆரோ ஒராள் "7,500ல ஆறு பேர் எப்பிடிச் சாப்பிடுற, இது பொய்" எண்டு சொல்லுவாங்க. ஆனி மாசம் குடுத்தா 36,000 எண்டு எழுதியிருப்பா, "40,000க்குக் கிட்ட நிக்குது, பரவாயில்லாத குடும்பம்" எண்டு பின்னுக்குத் தள்ளுவாங்க. ஒரே வீடு, ஒரே தோணி. வயல் கூலிக்குப் போறவங்களுக்கும் இதே கதைதான், பெரும்போகம் வெட்டுற நாளில கையில சல்லி புழங்கும், மறுகா அடுத்த போகம் வரைக்கும் மேசனுக்குக் கையாளாப் போனாத்தான் உண்டு. அதால மாத வருமானம் எண்டு கேக்காதீங்க. நல்ல மாசத்தில எத்தினை நாள் வேலை, நாளுக்கு எவ்வளவு, வேலை குறைஞ்ச மாசம் எது எது, அப்ப எத்தினை நாள், நாளுக்கு எவ்வளவு எண்டு கேளுங்க. இதுக்கு ஆரும் யோசிக்காமப் பதில் சொல்லுவாங்க, நாள்க் கூலி எவ்வளவெண்டு தெரியாத மனுஷன் இல்லையே. பொய் சொன்னாலும் பிடிக்கலாம், ஏனெண்டா ஊரில மேசன் கையாளுக்கு என்ன கூலி, வலைக்காரருக்கு எந்த மாசம் ஓட்டம் எண்டு கொமிட்டியில இருக்கிற உங்களுக்கே தெரியும். 28,000 எண்டு ஒரு மொத்த எண் எழுதினா அதை எதோட வச்சுப் பாக்குற?

கிராம சேவகர் தாற ஜிஎஸ் லெட்டரைப் பத்தியும் சொல்லோணும். ஜிஎஸ்மாரைக் குறை சொல்ல வரல்ல. ஒரு ஜிஎஸ் பிரிவில நூற்றுக்கணக்கில வீடு, அவர் ஒவ்வொரு வீட்டு உலையையும் எட்டிப் பாக்கேலுமா? வந்து நிக்கிற தாய் 20,000 எண்டு சொன்னா 20,000 எண்டுதான் எழுதுவார், சம்பள சிலிப்போட வந்தா சிலிப்பில இருக்கிறத எழுதுவார். அந்த லெட்டர் உறுதிப்படுத்துறது இந்த ஆள் இந்தப் பிரிவில இருக்கிறார் எண்டதை மட்டும்தான், வருமானத்த இல்ல. நாங்க அந்த லெட்டரில இருக்கிற எண்ணை வேதவாக்கு மாதிரி எடுத்துப்போட்டு வீடு பாக்கிறதைக் கடைசி ரெண்டு நாள் வேலையா வச்சிருக்கிறம், அது தலைகீழ். அதோட ஒரு லெட்டருக்காக ஒரு தாய் அரை நாள் கூலியை விடுறா, ஜிஎஸ் பீல்டுக்குப் போயிருந்தா இன்னொரு அரை நாள். பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஐடி, கூப்பன் கொப்பி, தேர்ச்சி அறிக்கை எண்டு நீங்க கேட்ட எல்லாத்துக்கும் போட்டோகொப்பி, அதுக்கு மேல ஜேபி கையொப்பம். கொப்பி அடிக்கிறது என்ட பிழைப்பு, எண்டாலும் சொல்றன், பிறப்புச் சாட்சிப்பத்திரம் புள்ளைய ஸ்கூல்ல சேக்கைக்கையே உங்கட பைலுக்கு வந்திட்டு, தேர்ச்சி அறிக்கை குடுத்ததே நீங்க. ஸ்கூல்ல இருக்கிற பேப்பரைத் தாயிட்டத் திரும்பக் கேக்காதீங்க. முதல்ல போமை மட்டும் எடுங்க, அதில 25 பேரைத் தெரிஞ்சிட்டு, அந்த 25 பேரிட்ட மட்டும் ஜிஎஸ் லெட்டர் கேளுங்க.

அரசாங்கத்தால அஸ்வெசும உதவிக்காசு கிடைக்கிற குடும்பம் எண்டா அதை ஒரு ஆதாரமா எடுங்க, நல்லது. ஆனா அஸ்வெசும இல்லாட்டிப் போம் தரமாட்டம் எண்டு ஒரு அண்ணா கூட்டத்தில சொன்னதாக் கேள்விப்பட்டன், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீங்க. அரசாங்கம் 22 குறிகாட்டி வச்சுப் பாத்துமே 2023ல பட்டியல் வந்தப்ப டிஎஸ் ஒபிஸ் வாசல்ல மேன்முறையீட்டுக்கு நிண்ட கியூ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எத்தினை மேன்முறையீட்டுப் போம் நானே நிரப்பினன். பட்டியல்ல விடுபட்ட வீடுகள் நம்மட ஸ்கூல்லயே இருக்கு. இருக்கிறதுக்கு அது சாட்சி, இல்லாததுக்கு அது சாட்சி இல்ல.

இனி ஒரு புள்ளைட கதை, பேர் சொல்ல மாட்டன். எட்டாம் ஆண்டு. தாய் மூண்டு வருஷத்துக்கு முன்ன குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ, தகப்பன் வேற குடும்பம் எடுத்து அம்பாறைப் பக்கம் போயிட்டார். புள்ளையும் தம்பியும் அம்மம்மாவோட. அம்மம்மா விடிய மூண்டு மணிக்கு ஒழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுக்கிறா, மாவும் விறகும் போக மாசம் 13,500 அளவில மிஞ்சும். புள்ளதான் உரல்ல பிழிஞ்சு குடுக்கிறது. நாங்க வீடு பாக்கப் போன அண்டைக்கு அந்தப் புள்ளைட உள்ளங்கையில உரல் பிடிச்ச இடத்தில தடிச்சுப் போய்க் கிடந்ததப் பாத்தன், கொப்பியில எழுத்து முத்து முத்தா இருக்கு.

இந்தப் புள்ளைட போம் ரெண்டு இடத்தில அடிபட்டுது. ஒண்டு, "தந்தையின் தொழில்", "தாயின் தொழில்" எண்டு ரெண்டே ரெண்டு பெட்டிதான் போமில இருக்கு. தகப்பன் பெட்டியில கோடு கீறினம், தாய் பெட்டியில "வெளிநாடு" எண்டு எழுதினம். வெளிநாடு எண்ட ஒரு சொல்லு கொமிட்டிக்குக் காணும், "தாய் குவைத்தில, இதுக்கு என்ன உதவி" எண்டு முடிஞ்சுது. அந்தத் தாய் போன ஏழு மாசமா ஒரு சதமும் அனுப்பல்ல, வேலை செஞ்ச வீட்டில சம்பளம் குடுக்காம இழுத்தடிக்கிறாங்க, அதை எழுத போமில ஒரு இடமும் இல்ல. ரெண்டு, கடைசியில "தந்தையின் கையொப்பம்". அம்மம்மா விரல் அடையாளம் வச்சவ, அது செல்லாதெண்டு ஒரு சேர் திருப்பி அனுப்பினார்.

படுவான்கரை, எழுவான்கரை ரெண்டு பக்கத்திலயும் தாய் வெளிநாட்டில, புள்ள அம்மம்மாவோட எண்ட வீடு எத்தினை இருக்கெண்டு மிஸ்மாருக்குத் தெரியும், பெற்றார் கூட்டத்துக்கு ஆர் வாறதெண்டு பாத்தாலே விளங்கும். அப்ப போமில "புள்ள ஆரோட இருக்கு, அந்த வீட்டில உழைக்கிறது ஆர்" எண்டு கேளுங்க. வெளிநாட்டில ஆரும் இருந்தா "கடைசியா எப்ப, எவ்வளவு சல்லி வந்தது" எண்டு ஒரு வரி. பேங்க் துண்டோ கார்கில்ஸ்ல எடுத்த ரிசீட்டோ இருந்தாக் காட்டுவாங்க, இல்லாட்டி வீடு பாக்கைக்க தெரியும். கையொப்பம் "பாதுகாவலர்" எண்டு போடுங்க, விரல் அடையாளமும் எடுக்கப்படும் எண்டு அதிலேயே எழுதிவிடுங்க.

மாக்ஸ் கதையும் இதோட வருது. "கடந்த தவணையில் சராசரி 60 புள்ளிகள்" எண்டு ஒரு நிபந்தனை வச்சிருக்கிறீங்க. கெட்டிக்காரப் புள்ளைகளுக்குப் பரிசு குடுக்கோணுமெண்டா அது வேற நிதி, அதைத் தனியா வைங்க, நானும் என்னால ஏலுமானதைத் தாறன். இது வசதியில்லாத புள்ளைக்கெண்டு சல்லி சேத்த நிதி. மூண்டு மணிக்கு ஒழும்பி இடியப்பம் பிழியிற புள்ள 54 எடுத்திருக்கு, ரியூஷன் ஒண்டும் இல்லாம. மண்டூரால வாற புள்ள ஆத்தைக் கடக்கப் பாதையில ஏறிக் குருமண்வெளிக்கு வந்து பிறகு பஸ் எடுக்கோணும், மாரியில காத்துக்குப் பாதை ஓடாத நாள் பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வரோணும், சல்லி இல்லாட்டி அண்டைக்கு ஸ்கூல் இல்ல. மாக்ஸ் குறையிறது இப்பிடித்தான், வறுமைதான் குறைக்குது, பிறகு குறைஞ்ச மாக்ஸைக் காட்டி உதவியையும் இல்ல எண்டா அந்தப் புள்ள எங்க போற? மாக்ஸுக்குப் பதிலா வகுப்பு மிஸ்ஸிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: வராத நாள் எத்தினை, ஏன் வாறதில்ல எண்டு உங்களுக்குத் தெரியுமா. வகுப்பு மிஸ்மாருக்கு அது தெரியும்.

எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டும் என்ட மனசில இருக்கிறதச் சொல்றன், நீங்க கூட்டிக் குறைக்கலாம். பத்துப் புள்ளி வைங்க. தலைக்கு விழுற வருமானத்துக்கு அஞ்சு, அதாவது ஆளுக்கு 5,000க்குக் குறைவெண்டா அஞ்சு, 7,500 வரைக்கும் நாலு, 10,000 வரைக்கும் மூண்டு, 15,000 வரைக்கும் ஒண்டு, அதுக்கு மேல பூச்சியம். வீட்டுச் சுமைக்கு மூண்டு, தாய் தகப்பன் பக்கத்தில இல்ல, பாயோட கிடக்கிற ஆள், நுண்கடன் லோன் மாதிரிக் கட்டியே ஆகவேண்டிய கடன், இதுகளைப் பாத்து. வழிக்கு ரெண்டு, நடந்து வாற தூரமெண்டா பூச்சியம், பஸ்ஸும் பாதையும் எண்டா ரெண்டு.

இப்ப போன வருஷத்துப் போம்களை இதில போட்டுப் பாருங்க. செக்கியூரிட்டி வேலைக்காரர்ட புள்ளைக்கு வருமானத்துக்கு நாலு, அம்மம்மா பாயோட எண்டதால சுமைக்கு ரெண்டு, வழிக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. தோணிக்காரர்ட புள்ளைக்கு அஞ்சு, வலைக்கெடுத்த லோனுக்கு ஒண்டு, நடந்து வாற தூரம், மொத்தம் ஆறு. இடியப்பம் பிழியிற புள்ளைக்கு 13,500ஐ மூண்டால பிரிச்சா ஆளுக்கு 4,500, அதுக்கு அஞ்சு, சுமைக்கு மூண்டு, ஸ்கூலுக்குப் பக்கம், மொத்தம் எட்டு. 38,000 எழுதின மூண்டு பேர் வீட்டுக்கு வருமானத்துக்கு ஒண்டு மட்டும். போன வருஷம் இந்த நாலு வீட்டில கடைசி வீட்டுக்கும் தோணிக்காரர் வீட்டுக்கும் கிடைச்சுது, எட்டு எடுத்த ரெண்டு வீட்டுக்கும் இல்ல.

புள்ளி போடுறது ஒராள் இல்ல, ரெண்டு பேர் தனித்தனியா, ஒருத்தர் போட்டதை மற்றவர் பாக்காம. பேரையும் ஊரையும் மறைச்சு நம்பர் மட்டும் தெரியிற மாதிரி நான் கொப்பி அடிச்சுத் தாறன், காசு வேணாம். ரெண்டு பேருக்கும் ரெண்டு புள்ளிக்கு மேல வித்தியாசம் வந்தா மூண்டாவது ஆள் பாக்கோணும். சொந்தக்காரப் புள்ளைட போம் எண்டு வீடு பாக்கைக்க தெரிஞ்சா அந்த ஆள் அந்தப் போமில இருந்து விலகோணும், நம்மட ஊரில ஆருக்கு ஆர் சொந்தமில்ல, அதால இதை எழுத்தில வைக்கிறது நல்லம், பிறகு ஒருத்தரை ஒருத்தர் கோவிக்கத் தேவையில்ல. வீடு பாக்கிறதும் தெரிவுக்குப் பிறகு இல்ல, முந்தி, அந்த 25 வீட்டுக்கும். போற ஆக்கள் கூரையையும் டிவியையும் பாத்து முடிவெடுக்க வேணாம். வீட்டுத் திட்டத்தில கிடைச்ச கல்வீடு எத்தினை பேருக்கு இருக்கு, உள்ள உலை எரியுதா எண்டதுதான் கேள்வி. போன வருஷம் ஒரு வீட்டில பிரிட்ஜ் நிக்கிதெண்டு என்னோட வந்த மிஸ் எழுதப் போனவ, திறந்து பாத்தா புள்ளைட கொப்பி புத்தகம் அடுக்கியிருக்கு, கரண்ட் வெட்டி நாலு மாசம்.

சல்லி குடுக்கிறதில ஒரு விஷயம். புள்ளைட பேரில கணக்குத் திறந்து நம்பர் தரச் சொல்லிப் போமில இருக்கு. சிறுவர் சேமிப்புக் கணக்கெண்டா சாதாரணமா 18 வயசு வரைக்கும் காசெடுக்கேலாது. போன வருஷம் வேற ஒரு எட்டாம் ஆண்டுப் புள்ளைக்குப் போட்ட மாசம் 3,000 இப்பவும் பேங்க்கில கிடக்கு, அந்தப் புள்ள பாட்டா செருப்போட வருது. பாதுகாவலர்ட சாதாரண சேவிங்ஸ் கணக்குக்குப் போடுங்க. வருஷத்துக்கு பத்து மாசமெண்டு பிரிக்கிறீங்க, அதிலயும் கார்த்திகை மார்கழியை விட்டுப்போட்டீங்க, லீவு எண்டு. வலைக்காரர் வீட்டுக்கும் கூலி வீட்டுக்கும் அந்த ரெண்டு மாசமும் பஞ்சம். பத்தாப் பிரிச்சாலும் அந்த ரெண்டு மாசமும் உள்ள வாற மாதிரிப் பிரிங்க.

பேர்ப் பட்டியலை நோட்டீஸ் போட்டில ஒட்டாதீங்க, மேடையில ஏத்திச் செக்கைப் பிடிச்சுப் படம் எடுத்து பேஸ்புக்கில போடாதீங்க. சல்லி அனுப்புற தம்பிமாருக்குக் கணக்கு வேணும், அது நியாயம், அதுக்கு விண்ணப்ப நம்பர், வகுப்பு, எடுத்த புள்ளி, குடுத்த தொகை எண்டு ஒரு தாள் காணும். போன வருஷம் மேடைக்குக் கூப்பிட்டதுக்காகவே பதினொராம் ஆண்டுப் பொடியன் ஒராள் காசு வேணாமெண்டு விட்டவன், அவன்ட போமும் நான்தான் எழுதினன்.

கடைசியா, கிடைக்காத 26 பேருக்கும் ஒரு துண்டு குடுங்க, உங்கட புள்ளி இவ்வளவு, வெட்டுப்புள்ளி இவ்வளவு, இன்ன திகதிக்குள்ள வந்து கேக்கலாம் எண்டு. போன வருஷம் அந்தத் தாய்மார் வந்து கேட்டது என்னட்டத்தான், "நீ என்னத்த எழுதின, ஏன் கிடைக்கல்ல" எண்டு, எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கல்ல.

புதுப் போம் ஒண்டு ஒரு தாளில, ரெண்டு பக்கமும், பேச்சு வழக்குக்குக் கிட்டின தமிழில டைப் பண்ணி வச்சிருக்கிறன். நான் சொன்ன கேள்வியெல்லாம் அதில இருக்கு. கொமிட்டி கூடுற நாளைச் சொன்னா 10 கொப்பி எடுத்துக்கொண்டு வாறன், இடியப்ப அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன், அவ முன்னால வாசிச்சுக் காட்டுவம், எந்தக் கேள்வி அவவுக்கு விளங்கல்லையோ அதை அவடத்தையே வெட்டுவம்.

கேட்டுக்கு முன்னால இருக்கிற கடை அக்கா